பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கிய மீட்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 63 வயதுப் பெண். நெடுநாள் பீடி சுற்றியவர். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலை உணவுக்கு முன் 22 யூனிட், இரவு உணவுக்கு முன் 14 யூனிட் என்று 30/70 கலப்பு இன்சுலின் போட்டு வந்தார். கூடவே மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், இரு வேளை. கண்பார்வை மங்கலாக இருந்ததால், விரலில் குத்திப் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் மருமகள் கவனித்துக்கொண்டார்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் மீட்டர்கள் இரண்டு இருந்தன. ஒன்று இங்குள்ள மருந்துக் கடையில் வாங்கியது. மற்றொன்று மலேசியாவில் வேலை பார்க்கும் மூத்த மகன் கொடுத்தனுப்பியது. முதலில் மருமகள் ஒரு பள்ளி நோட்டில் அளவுகளை எழுதி, பக்கத்தில் "கா", "மத்", "மா" என்று வேளையைக் குறித்து வந்தார். மீட்டரே எல்லாவற்றையும் சேமித்து வைக்கிறது என்று தெரிந்த பிறகு, நோட்டு எழுதுவது குறைந்து, மே மாதத்தில் நின்றே போனது.

பேட்டரி மாற்றிய மாலை

மே 8 அன்று உள்ளூர் மீட்டரின் பேட்டரி தீர்ந்தது. நான்கு நாட்கள் மலேசிய மீட்டரில் பார்த்தார்கள். அதன் ஸ்ட்ரிப் தீர்ந்ததும், பழைய மீட்டரைக் கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோய் 2032 பட்டன் பேட்டரி போட்டு வாங்கி வந்தார்கள். இது மே 12 மாலை.

பேட்டரியைக் கழற்றினால் இவ்வகை மீட்டரின் உள் கடிகாரம் அழிந்துவிடும். ஆனால் சேமித்த அளவுகள் அழியாது. அவை மின்சாரம் இல்லாமலும் நிற்கும் வேறொரு நினைவகத்தில் இருக்கின்றன. புது பேட்டரி போட்டதும் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று ஒவ்வொன்றாகச் சிமிட்டிக் கேட்கும். கடைக்காரர் நாள், மாதம், ஆண்டு எல்லாவற்றையும் சரியாகவே வைத்தார். மணியை 6 என்று வைத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை 40 என்று வைத்தார். திரையில் மணிக்கு அருகே AM என்ற எழுத்து கடுகளவில் இருந்தது. அதை PM ஆக்க வேண்டுமானால், மணி எண்ணைப் பன்னிரண்டு தாண்டி இன்னொரு சுற்று அழுத்திக்கொண்டே போக வேண்டும். 6 வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். மாலை 6:40, மீட்டருக்குக் காலை 6:40 ஆனது.

வீட்டில் யாரும் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. மீட்டரை எடுத்துப் பார்க்கும்போது மணி சரியாகவே தெரியும். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் 6 என்றே காட்டும். மூன்று மணி நேரம் தவறியிருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் தவறியதால்தான் இது இரண்டு வாரத்துக்கு மேல் ஒளிந்திருந்தது.

மே 24: முதல் முடிவு

மே மூன்றாம் வாரத்தில் ஆச்சிக்கு விடியற்காலையில் வியர்வை, தலைக்கனம். எழுந்ததும் கை நடுக்கம். கருப்பட்டிக் காப்பி குடித்தால் சரியாகிவிடும். கோடை வேக்காடு என்றே வீட்டில் நினைத்தார்கள்.

ஊருக்கு அருகிலுள்ள ஒரு கிளினிக்குக்கு வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது, உதவியாளர் மீட்டரின் நினைவகத்தைப் புரட்டி, ஒரு தாளில் எடுத்து எழுதினார். காலை வெறும் வயிற்றில் 246, 241, 252. இரவு உணவுக்கு முன் 71, 66, 74. நினைவகத்தில் அதிகாலை 2:40 போன்ற நேரங்களில் சில அளவுகள் இருந்தன. அவை எந்த வேளையிலும் பொருந்தாததால், அவற்றை எழுதாமல் விட்டுவிட்டார். தவறைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே தடயம் அப்படித்தான் தாளில் ஏறாமல் போனது.

அந்தத் தாளை மட்டும் வைத்துப் பார்த்தால், அன்று எடுத்த முடிவில் பிழை இல்லை. இருவேளை கலப்பு இன்சுலினில், இரவு ஊசி மறுநாள் காலையின் வெறும் வயிற்று அளவைப் பிடிக்கும். காலை ஊசி மாலை அளவைப் பிடிக்கும். காலை அளவு அதிகம் என்றால் இரவு ஊசியைக் கூட்ட வேண்டும். மாலை அளவு தாழ்வு என்றால் காலை ஊசியைக் குறைக்க வேண்டும். எனவே இரவு 14 என்பது 16 ஆனது. காலை 22 என்பது 20 ஆனது. விடியற்கால வியர்வையையும் மருமகள் சொன்னார். ஆனால் எழுந்ததும் 240-க்கு மேல் இருப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்க்கும் என்று உடனே தோன்றவில்லை.

இன்னொன்றும் சந்தேகத்தைத் தடுத்தது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை 7.9 இருந்தது. அதற்கு ஈடான சராசரிச் சர்க்கரை 180 அளவில் வரும். மீட்டர் காட்டிய 14 நாள் சராசரி 171. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனதால் மீட்டர் நம்பகமானது என்று தோன்றியது. அளவுகளைப் பொறுத்தவரை அது நம்பகமானதுதான். வேளை தலைகீழாகப் போனாலும் எண்கள் மாறுவதில்லை. ஆகவே சராசரியும் மாறாது. சராசரி பொருந்துகிறது என்பது நேரம் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

மே 29 விடியற்காலை

இரவு ஊசி கூடிய ஐந்தாம் நாள், விடியும் முன் மருமகள் எழுந்தபோது ஆச்சி குழறிப் பேசினார். தலையணை நனைந்திருந்தது. குத்திப் பார்த்ததில் 51. 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும் நிலை. உடனே கவனிக்க வேண்டியது. விழுங்க முடிந்ததால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 83. பக்கத்துத் தெரு ஆட்டோவை வரவழைத்துக் காலையிலேயே பாளையங்கோட்டையில் உள்ள ஒரு நீரிழிவு கிளினிக்குக்கு அழைத்து வந்தார்கள். வந்த காரணம் என்னவோ தாழ்வுச் சர்க்கரைதான். மருந்துச் சீட்டில் இருந்ததோ "காலை அதிகம்" என்ற குறிப்பு.

கவனித்தது

நினைவகத்தை முழுதாகப் படித்த செவிலியர், விடியற்காலை 51-ஐத் தேடினார். மே 29 என்ற நாளிலேயே எந்த அளவும் இல்லை. அது "28-5, 4:50 PM" என்று இருந்தது. அதற்கு முன்னால் 2:40 AM, 2:35 AM என்று பல அளவுகள்.

"ஆச்சி, ராத்திரி ரெண்டரை மணிக்கு எந்திச்சா குத்திப் பாக்கிய?"

"நடுச்சாமத்துல எவ குத்துவா? மத்தியானம் சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுல்லா பாக்கச் சொன்னாவ" என்றார் அவர்.

இந்த ஒரு பதிலில் விஷயம் வெளியே வந்துவிட்டது. மீட்டரைத் தட்டி எழுப்பி, செல்போனின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். செல்போனில் மே 29, காலை 11:20. மீட்டரில் மே 28, இரவு 11:16. மீட்டர் 12 மணி 4 நிமிடம் பின்தங்கியிருந்தது.

திருத்தும் முன் செய்தது

இப்படி ஒரு தவறைக் கண்டதும் கை தானாகக் கடிகாரத்தைத் திருத்தப் போகும். அதை முதலில் செய்யக் கூடாது. கடிகாரத்தைத் திருத்தினாலும், ஏற்கெனவே பதிந்த அளவுகளின் நேரம் பெரும்பாலான மீட்டர்களில் அப்படியே நிற்கும், மாறாது. திருத்திய பிறகோ, எவ்வளவு தவறியிருந்தது என்பதை அளக்க வழி போய்விடும். ஆகவே முதலில் மீட்டரையும் செல்போனையும் ஒரே படத்தில் படம் எடுத்தார்கள். பின் நினைவகத்தின் ஒவ்வொரு திரையையும் எடுத்தார்கள்.

அடுத்த கேள்வி: இந்த 12 மணி 4 நிமிட வித்தியாசம் எல்லா அளவுகளுக்கும் பொருந்துமா? நடுவில் யாராவது இன்னொரு முறை கடிகாரத்தைத் தொட்டிருந்தால் பொருந்தாது. இதைச் சரிபார்க்க, உண்மை நேரம் வேறு வழியில் தெரிந்த சம்பவம் வேண்டும். ஆட்டோவுக்குப் போன் செய்தது மருமகளின் போனில் காலை 5:02 என்று பதிவாகியிருந்தது. குத்திப் பார்த்துச் சில நிமிடத்தில் போன் செய்ததாக அவர் சொன்னார். மீட்டரின் 28-5, 4:50 PM உடன் 12 மணி 4 நிமிடத்தைக் கூட்டினால் 29 காலை 4:54 வருகிறது. பொருந்தியது. பேட்டரி மாற்றியதற்கு முன் நோட்டில் இருந்த "கா" அளவுகளையும் ஒப்பிட்டார்கள். அவை மீட்டரில் சரியான காலை நேரத்திலேயே இருந்தன. ஆகத் தவறு மே 12 மாலையில் தொடங்கியது, அதன் பின் மாறவில்லை என்று முடிவு செய்ய முடிந்தது.

நேரத்தை மாற்றும்போது ஒரு நுணுக்கம் உண்டு. AM-ஐ PM ஆக்கினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். போதாது. பின்தங்கிய மீட்டரில் காலை அளவுகள் முந்தைய நாளின் மாலையாக ஏறியிருக்கும். மதிய, மாலை அளவுகள் அதே நாளில் நிற்கும். எனவே AM, PM இரண்டையும் இடம் மாற்றி, நாளைத் தொடாமல் விட்டால், காலை அளவுகள் எல்லாம் ஒரு நாள் தள்ளிப் போகும். வித்தியாசத்தை முழுவதுமாகக் கூட்டினால் நாளும் தானே சரியாகும்.

| மீட்டர் காட்டியது | உண்மை நேரம் | mg/dL |
|---|---|---|
| 20-5, 2:40 AM | மே 20, பிற்பகல் 2:44 | 198 |
| 20-5, 6:52 AM | மே 20, மாலை 6:56 | 246 |
| 20-5, 5:51 PM | மே 21, காலை 5:55 | 71 |
| 23-5, 6:48 AM | மே 23, மாலை 6:52 | 241 |

மூன்றாவது வரியைப் பாருங்கள். மீட்டரில் அது 20-ஆம் தேதி மாலை. உண்மையில் 21-ஆம் தேதி காலை வெறும் வயிறு. இன்சுலின் அளவை நிர்ணயிக்கும் கேள்வி "முதல் நாள் இரவு போட்ட ஊசி மறுநாள் காலை என்ன செய்தது?" என்பதே. நாள் ஒன்று பிசகினால், எந்த ஊசிக்கு எந்த விளைவு என்ற தொடர்பே அறுந்துவிடும்.

நோட்டில் இருந்த 41

மே 8 முதல் 12 வரை மருமகள் மறுபடி நோட்டில் எழுதியிருந்தார், ஏனெனில் மலேசிய மீட்டரின் நினைவகத்தைத் திறக்க அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் 98, 41, 132 என்று இருந்தது. 41 என்பது மயங்கி விழக்கூடிய அளவு. அன்று காலை ஆச்சிக்கு நடுக்கமோ வியர்வையோ இல்லை. ஆனாலும் பயந்துபோய்க் கருப்பட்டியைக் கரைத்துக் கொடுத்து, அந்த வேளை ஊசியைப் பாதியாக்கியிருந்தார்கள்.

அந்த மீட்டரைக் கொண்டுவரச் சொல்லித் திறந்து பார்த்ததில் திரையின் ஓரத்தில் mmol/L என்று இருந்தது. மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சர்க்கரையை இந்த அலகில்தான் சொல்கிறார்கள். இந்தியாவில் mg/dL. முன்னதை 18-ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். திரையில் இருந்தவை 9.8, 4.1, 13.2. புள்ளி சிறியது, "சர்க்கரைக்குப் புள்ளி கிடையாதே" என்ற பழக்கத்தில் அது நோட்டில் ஏறவில்லை.

4.1 என்பது 74. தாழ்வின் விளிம்பில் இருந்தாலும், மயங்கி விழும் அளவு அல்ல. 13.2 என்பது 238. நோட்டில் அது 132 ஆகி, நல்ல கட்டுப்பாடு போல நின்றது. 9.8 என்பது 176. புள்ளியை விட்டால் எண் பத்து மடங்காகும்; உண்மையில் வேண்டியது பதினெட்டு மடங்கு. எனவே இந்தப் பிழை எப்போதும் உண்மை அளவில் பாதியை விடச் சற்றுக் கூடுதலாக மட்டுமே காட்டும். அதிகமானதை நல்லதாகவும், நல்லதை ஆபத்தாகவும் காட்டும். மே 29 அன்று இந்த 41-ஐ உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தால், இரவு ஊசியைத் தேவைக்கு மேல் குறைத்திருப்பார்கள்.

இந்த மீட்டரில் அலகு தயாரிப்பிலேயே பூட்டப்பட்டது, மாற்ற முடியாது. இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான். சில பழைய மீட்டர்களில் அமைப்புப் பட்டியலில் அலகை மாற்றலாம், அதுவே பேட்டரி மாற்றும்போது தவறுதலாக மாறவும் இடம் தரும். அடையாளம் எளிது: எண்ணில் புள்ளி இருந்தால் அது mg/dL அல்ல. mg/dL மீட்டர்கள் பெரும்பாலும் 20-க்குக் கீழே எண்ணே காட்டாது, LO என்றுதான் காட்டும். தெம்பாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு 5, 9 என்று வந்தால் அலகைப் பார்க்க வேண்டும்.

எடுத்த முடிவும் காரணமும்

நேரத்தைத் திருத்திப் படித்தபோது படம் முழுதாகத் திரும்பியது. வெறும் வயிற்றில் 66 முதல் 74. இரவு உணவுக்கு முன் 241 முதல் 252. மாலை ஏழு மணிக்குப் போடும் கலப்பு ஊசியில் மெதுவாக வேலை செய்யும் பகுதி, நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை உச்சத்தில் இருக்கும். விடியற்கால வியர்வை அதோடு பொருந்தியது. மே 24 அன்று செய்த இரண்டு மாற்றங்களுமே எதிர்த்திசையில் போயிருந்தன.

இரவு ஊசி 16-லிருந்து 12-க்கு வந்தது. முந்தைய 14-க்குத் திரும்பினால் மட்டும் போதாது, ஏனெனில் 14-இலேயே காலை 70 அளவில் இருந்தது. காலை ஊசி மீண்டும் 22. மாலை அளவு அதிகம் என்று தெரிந்தும், அதை அன்றே மேலும் கூட்டவில்லை. தாழ்வு வந்த நாளில் ஒரு திசையில் குறைத்து, மறு திசையில் கூட்டினால், அடுத்த வாரம் எது எதனால் மாறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

படம் எடுத்து முடித்த பின்னரே கடிகாரம் திருத்தப்பட்டது. மருமகளே பொத்தானை அழுத்தினார்; செவிலியர் பக்கத்தில் இருந்து பார்த்தார். திருத்தியதும் குத்திப் பார்த்து, புதிய அளவின் நாளும் நேரமும் சரியாகப் பதிகிறதா என்று நினைவகத்தில் பார்த்தார்கள். மலேசிய மீட்டரை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஒரு வீட்டில் இரண்டு அலகு இருந்தால் என்றாவது ஒரு நாள் குழப்பம் வரும்.

பின் நடந்தது

அடுத்த வாரம் இரண்டு இரவுகளில் மூன்று மணிக்கு எழுந்து பார்த்தார்கள்: 112, 126. காலை அளவு நூறை ஒட்டி வந்தது. வியர்வை நின்றது. அதன் பிறகே காலை ஊசி 24 ஆனது. மூன்று வாரத்தில் இரவு உணவுக்கு முந்தைய அளவு 160-க்கும் 190-க்கும் இடையே இறங்கியது. இது இன்னும் சற்று அதிகம்தான். ஆனால் இந்த வயதில், அண்மையில் 51 வரை இறங்கியவருக்கு, இதற்கு மேல் அவசரப்படுவது முறையல்ல என்று அங்கேயே நிறுத்தப்பட்டது. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 7.4.

மாற வேண்டியவை

கிளினிக்கில் மாறியவை இரண்டு. நினைவகத்தைத் திறக்கும் முன், மீட்டரின் இன்றைய நாள், மணி, AM அல்லது PM, அலகு ஆகியவற்றைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, சீட்டின் தலைப்பில் எழுதுகிறார்கள். அரை நிமிட வேலை. வித்தியாசம் இருந்தால், அதை எழுதிய பிறகே மற்றது. எந்த வேளையிலும் பொருந்தாத அளவுகளை இப்போது விடுவதில்லை. முதலில் அவற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பகலில் வாழ்கிற ஒருவரின் மீட்டரில் நள்ளிரவு அளவுகள் வரிசையாக இருந்தால், கடிகாரத்தைச் சந்தேகிப்பதே முதல் வேலை.

புதிதாக மீட்டர் வாங்குவோருக்கு, 24 மணி முறை இருந்தால் அதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 18:40 என்று காட்டும் மீட்டரில் இந்தத் தவறு ஒளிந்திருக்க முடியாது. சில மீட்டர்களில் உணவுக்கு முன், பின் என்று குறிக்கும் பொத்தானும் உண்டு. அதை அழுத்தும் பழக்கம் இருந்தால், கடிகாரம் தவறினாலும் வேளை தப்பாது. ஆனால் கண் மங்கியவர்களோ அவசரத்தில் பார்ப்பவர்களோ அதைத் தொடர்ந்து அழுத்துவதில்லை, ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது.

செல்போன் செயலியோடு இணையும் மீட்டர்களில் பல, இணைக்கும்போது போனின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் தவறாகப் பதிந்தவை தவறாகவே செயலிக்குப் போகும். வரைபடத்தில் அழகாகத் தெரிவதால் இன்னும் நம்பப்படும். இணைக்கும் முன்பும் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வீட்டு மீட்டரில் 24 மணி முறை இல்லை. எனவே பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும், மறுநாள் காலைக் காப்பி நேரத்தில் குத்தும்போது திரையில் AM இருக்கிறதா என்று பார்க்கும்படி மருமகளிடம் சொல்லப்பட்டுள்ளது. நோட்டும் திரும்ப வந்திருக்கிறது. அதில் எண்ணோடு "கா", "மா" என்ற குறிப்பும் எழுத வேண்டும். சந்தேகம் வரும் நாளில் கடிகாரத்துக்கு வெளியே இருக்கும் பதிவு அது ஒன்றுதான்.